வாரன்டி காலத்தில் எது இலவசத் திருத்தம், எது புதிய வேலை?

கேள்வி: ஈரோட்டில் ஒரு துணிக்கடைக்கு வூகாமர்ஸில் ஆன்லைன் ஸ்டோர் செய்து 2025 ஆகஸ்ட் 1 அன்று ஒப்படைத்தோம். கொட்டேஷனில் "90 நாள் வாரன்டி" என்று ஒரு வரிதான் இருக்கிறது. இப்போது கடைக்காரர் எதைக் கேட்டாலும் "வாரன்டியிலதான இருக்குது, சரி பண்ணிக் குடுங்க" என்கிறார். கூப்பன் போட்டால் பில்லில் ஜி.எஸ்.டி. தப்பாக வருகிறது, வாங்குபவர் பணம் கட்டியும் சில ஆர்டர்கள் விழவில்லை, புது வரி விகிதத்துக்கு மாற்ற வேண்டும், சைஸ் வாரியாக விற்பனை ரிப்போர்ட் வேண்டும். எதை இலவசமாகச் செய்வது, எதற்குக் காசு கேட்பது, மனக்கசப்பு வராமல் அதை எப்படிச் சொல்வது?

பதில்:

ஒப்படைத்த நாளில் அந்தத் தளம் என்னென்ன செய்யும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தீர்களோ, அவற்றில் ஒன்றைச் செய்யாவிட்டால் அது குறை. அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனாலும் இலவசமாகத்தான் செய்து தர வேண்டும். ஒத்துக்கொண்டதைத் தளம் சரியாகச் செய்கிறது, ஆனால் கடைக்காரருக்கு இப்போது வேறொன்று தேவைப்படுகிறது என்றால் அது புதிய வேலை; பத்து நிமிடத்தில் முடிவதாக இருந்தாலும் அதன் பெயர் அதுதான். பல சிறு நிறுவனங்கள் ஆகும் நேரத்தை வைத்துப் பிரிக்கின்றன, அதாவது சின்னதாக இருந்தால் இலவசம், பெரிதாக இருந்தால் கட்டணம் என்று வைத்துக்கொள்கின்றன. அப்படிப் பிரிக்கும்போது உண்மையான குறை ஒன்று பெரிதாக இருக்கும் நாளில் நீங்கள் நியாயமில்லாமல் காசு கேட்பீர்கள், மற்ற நாட்களில் சின்னச் சின்னப் புது வேலைகளாக உங்கள் மாதம் கரைந்துவிடும்.

ஆகவே முதலில் தேவைப்படுவது, ஆகஸ்ட் 1 அன்று எது ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தது என்பதற்கான எழுத்துப்பூர்வ ஆதாரம். கொட்டேஷனோடு சேர்ந்த வேலைப் பட்டியல், ஒப்புதல் பெற்ற டிசைன் பக்கங்கள், இடையில் வாட்ஸ்அப்பில் "சரி, இதையும் சேர்த்துடறோம்" என்று நீங்கள் ஒத்துக்கொண்டவை, டெமோ காட்டியபோது வந்த மின்னஞ்சல்கள் ஆகிய எல்லாவற்றையும் திரட்டி இரண்டு பக்கத்துக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சாதகமில்லாத வாட்ஸ்அப் செய்திகளையும் அதில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அவை கடைக்காரரின் போனிலும் இருக்கின்றன. காகிதத்தில் செய்ததையே கோடிலும் செய்ய வேண்டும். ஒப்படைத்த அன்றே கோடுக்கு டேக் போடாமல் விட்டிருந்தால், அந்தத் தேதி வரைக்குமான கடைசி கமிட்டைக் கண்டுபிடித்து இப்போதாவது போட்டுவிடுங்கள்.

```
git rev-list -n 1 --before="2025-08-02 00:00" main
git tag -a v1.0-handover COMMIT -m "handover"
git diff --stat v1.0-handover
wp plugin list
```

`COMMIT` என்ற இடத்தில் முதல் கட்டளை தரும் எண்ணை இட வேண்டும். கட்டளைகள் நான்கையும் கடையின் சர்வரில் ஓட்டினால், கடைசி இரண்டிலிருந்து, ஒப்படைத்த பிறகு எந்தக் கோப்புகள் மாறியிருக்கின்றன என்பதும், இப்போது எந்தெந்த பிளக்இன்கள் எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். ஒப்படைத்த நாளின் பிளக்இன் பட்டியல் ஒன்று உங்களிடம் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதிலேயே பாதி விவாதம் முடிந்துவிடும்.

இந்த ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு புகாரிடமும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். இது வாக்களிக்கப்பட்டதா? ஒப்படைத்த நாளின் கோடை வைத்துச் சோதனைத் தளத்தில் ஓட்டினால் இதே தவறு அங்கும் வருகிறதா? அங்கு வரவில்லை என்றால், இடையில் மாறியது எது, அதை மாற்றியவர் யார்? இனி உங்கள் நான்கையும் இந்த வரிசையில் பார்க்கலாம்.

கூப்பன் விஷயம் உங்கள் குறை, இதில் தயங்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் மாத நிலவரப்படி ஓர் ஆயத்த ஆடை 1,000 ரூபாய் வரை விற்றால் 5 சதவீதமும், அதற்கு மேல் விற்றால் 12 சதவீதமும் வரி. வரி சேராத விலை 1,100 ரூபாய் என்று போட்டிருக்கும் ஒரு சட்டைக்கு 10 சதவீதக் கூப்பன் கொடுத்தால் விற்கும் விலை 990 ரூபாய். விற்கும்போதே பில்லில் காட்டிக் கழிக்கும் தள்ளுபடி, 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 15-ஆவது பிரிவின்படி வரிக்கான மதிப்பில் சேராது. எனவே அந்தச் சட்டை 5 சதவீத அடுக்குக்கு இறங்கி, வரி 49.50 ரூபாயாக வர வேண்டும். உங்கள் தளம் கூப்பனைக் கழிப்பதற்கு முன்பே அடுக்கைத் தீர்மானித்துவிட்டால், 990-க்கு 12 சதவீதம் கணக்கிட்டு 118.80 ரூபாய் என்று போடும்.

இந்த இடத்தில் சிலர், "கூப்பன் போட்டால் அடுக்கு மாற வேண்டும் என்று வேலைப் பட்டியலில் எங்கேயும் எழுதவில்லையே" என்று வாதிடுவார்கள். அது எடுபடாது. "ஜி.எஸ்.டி. பில்" என்று பட்டியலில் எழுதினால், சட்டப்படி சரியான பில் என்பதுதான் அதன் பொருள். கூப்பன் வசதியும் அதே பட்டியலில் இருந்தால், இரண்டும் சேர்ந்து சரியாக இயங்குவதும் வாக்கில் அடங்கியதே. ஒரு பொருளின் அடிப்படைப் பயன்பாட்டிலிருந்து பிரிக்க முடியாத தேவை எழுதப்படாமல் விடுபட்டிருந்தாலும், அதை எழுதப்பட்டதாகவே கொள்ள வேண்டும். இந்தத் தளர்வை எல்லாவற்றுக்கும் நீட்டிவிடக் கூடாது என்பதும் உண்மைதான். அதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது: அந்த ஒன்று இல்லாமல், வாக்களித்த வசதி தவறான முடிவைத் தருமா, அல்லது சரியான முடிவைத் தந்து கொஞ்சம் வசதிக் குறைவாக மட்டும் இருக்குமா? தவறான முடிவு என்றால் உங்கள் பொறுப்பு.

பணம் கட்டியும் ஆர்டர் விழாத புகாரைக் காரணம் தெரியும் வரை எந்தப் பக்கத்திலும் சேர்க்காதீர்கள், ஏனென்றால் இதே அறிகுறி மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வரலாம். வாங்குபவர் பணம் கட்டியதும், பேமெண்ட் கேட்வே தன் சர்வரிலிருந்து உங்கள் தளத்துக்கு நேரடியாக ஒரு தகவல் அனுப்புகிறது. அதைத்தான் வெப்ஹுக் என்கிறோம். முறையான அமைப்பில் அது வந்து சேர்ந்ததும் ஆர்டர் `Pending payment` நிலையிலிருந்து `Processing` நிலைக்கு நகரும். வராவிட்டால் அங்கேயே நிற்கும். கடைக்காரர் இருப்புக் கணக்கை வூகாமர்ஸிலேயே வைத்திருந்தால், இயல்பு அமைப்பில் 60 நிமிடத்துக்குப் பிறகு `Cancelled` ஆகிவிடும். பணம் கட்டியவருக்கு ஆர்டர் உறுதியானதாக எந்தத் தகவலும் வராதபோதுதான் கடைக்குத் தொலைபேசி வரத் தொடங்கும்.

கேட்வேயின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு வெப்ஹுக்குக்கும் உங்கள் சர்வர் என்ன பதில் கொடுத்தது என்ற பதிவு இருக்கும். பதில் 500 என்றால், தகவல் வந்து சேர்ந்து உங்கள் பக்கத்தில் ஏதோ உடைந்திருக்கிறது. எந்தக் கோடு உடைந்தது என்பதை `WooCommerce > Status > Logs` பக்கத்தில் பார்க்கலாம். அது நீங்கள் எழுதிய கோடாக இருந்தால் இலவசம். பதில் 403 என்றால், தகவலைச் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. பெரும்பாலும் அது பின்னால் சேர்த்த பாதுகாப்பு பிளக்இன் அல்லது ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஃபயர்வால் செய்யும் வேலை. ஒப்படைத்த நாளின் பட்டியலில் இல்லாத ஒரு பாதுகாப்பு பிளக்இன் இப்போது இருந்து, அதை நிறுவிய நாளிலிருந்துதான் ஆர்டர்கள் தவறத் தொடங்கின என்பது பதிவில் தெரிந்தால், அது உங்கள் குறையல்ல.

மூன்றாவது வகைதான் ஏமாற்றக்கூடியது. உங்கள் கோடு வெப்ஹுக்கைக் கையாளவே இல்லாமல், பணம் கட்டியவர் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பி வருவதை மட்டும் நம்பி ஆர்டரை உறுதிசெய்வதாக இருக்கலாம். சோதனையின்போது எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்து திரும்பி வருவார்கள், ஆகவே எல்லாம் சரியாக இருக்கும். உண்மையில் வாங்குபவர்களோ யு.பி.ஐ. செயலியில் பணம் போனதும் அங்கிருந்தபடியே போனை வைத்துவிடுவார்கள். இந்தக் குறை செப்டம்பரில்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் ஆகஸ்ட் 1 அன்றே கோடில் இருந்தது; கடைக்காரர் சோதித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார் என்பது இங்கே உங்களுக்குத் துணைக்கு வராது. வாரன்டி என்று ஒன்று இருப்பதே இப்படி ஒளிந்திருந்து வெளிப்படும் குறைகளுக்காகத்தான்.

காரணம் எதுவாக இருந்தாலும், கடையின் வருமானம் நின்றிருக்கும் நேரத்தில் முதலில் ஓட வையுங்கள், காசை அடுத்த நாள் பேசிக்கொள்ளலாம். ஆனால் வேலையைத் தொடங்கும் முன், "இப்போதே பார்க்கிறோம், காரணம் எங்கள் வேலைக்கு வெளியே இருந்தால், ஆகும் நேரத்துக்குக் கட்டணம் வரும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். காரணத்தைத் தேடும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பது எப்போதும் வரும் சிக்கல். முதல் ஒரு மணி நேரத் தேடலை எந்த நிலையிலும் இலவசமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போனால் காரணம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துக் கணக்கிடுவது என் பார்வையில் நியாயமானது. தேடியதற்கே பில் வரும் என்று பயந்தால், கடைக்காரர் உண்மையான குறைகளைக்கூடச் சொல்லாமல் விட்டுவிடுவார். அவை வாரன்டி முடிந்த பிறகு பெரிய சண்டையாகத் திரும்பி வரும்.

வரி விகித மாற்றத்தில்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கான வரம்பு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக உயர்ந்தது. அந்த வரம்பு வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 1,800 ரூபாய்ச் சட்டை ஒன்றுக்கு முந்தைய நாள் வரை 216 ரூபாய் வரி, மறுநாள் 90 ரூபாய். சட்டம் மாறியது உங்கள் தவறல்ல. ஒப்படைத்த நாளில் தளம் அன்றைய சட்டப்படி சரியாக இருந்தது. அந்த அளவில் இது புதிய வேலை. ஆனால் முடிவைச் சொல்வதற்கு முன் உங்கள் வேலைப் பட்டியலை எடுத்து, வரியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

இத்தகைய தளங்களில் கோடு பெரும்பாலும் இப்படி ஒரு வரியாக இருக்கும்.

```php
$class = ( $price <= 1000 ) ? 'gst-5' : 'gst-12';
```

விகிதங்களை வூகாமர்ஸின் வரிப் பக்கத்தில் கடை ஊழியரே மாற்றலாம். ஆனால் 1,000 என்ற வரம்பு கோடுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பட்டியலில் "வரி விகிதங்களை நிர்வாகப் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்" என்று நீங்கள் எழுதியிருந்தால், கடைக்காரர் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்? துணி வியாபாரத்தில் வரம்பு இல்லாமல் விகிதம் என்பதற்குப் பொருளே இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான் விகிதம் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தவறு காண முடியாது. வாசகத்தை எழுதியவர் நீங்கள், ஆகவே இரண்டு பொருள் வரும் இடத்தில் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுப்பதே முறை. அப்படியானால் வரம்பையும் நிர்வாகப் பக்கத்தில் மாற்றும்படி செய்து தருவது இலவசம். வரியைப் பற்றி அப்படி எந்த வாக்கும் இல்லாமல், "ஜி.எஸ்.டி. கணக்கிடப்படும்" என்று மட்டும் இருந்தால், முழுவதும் கட்டண வேலை.

எந்த நிலையிலும் இதே கோரிக்கைக்குள் ஒளிந்திருக்கும் மற்ற வேலைகளைப் பிரித்தெடுங்கள். வரி குறைந்ததால் எல்லாப் பொருட்களின் விலையையும் புதிதாக ஏற்றித் தருவது, பழைய விலைக்கு மேல் கோடிட்டுப் புது விலையைக் காட்டுவது, செப்டம்பர் 22-க்குப் பிறகு பழைய விகிதத்தில் போன பில்களுக்குக் கிரெடிட் நோட்டு எடுக்க ஒரு வசதி செய்வது ஆகியவை வாக்கில் இல்லாதவை. "வரியை மாத்திக் குடுங்க" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் இவை எல்லாம் அடங்கியிருக்கும் என்பதால், பிரிக்காமல் சரி என்று சொல்லிவிட்டால் அத்தனையும் இலவசக் கணக்கில் போய்விடும்.

சைஸ் வாரியான ரிப்போர்ட் பட்டியலில் இல்லையென்றால் புதிய வேலை. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

சொல்லும் விதத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் வரும் புகாருக்குத் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில், புகார் வந்த தேதி, கடைக்காரர் சொன்ன வார்த்தைகள், நீங்கள் சோதித்தபோது கண்டது, முடிவு, அதற்கான ஆதார வரி என்று பதிந்து, அதை அவரும் பார்க்கும்படி வையுங்கள். இரு தரப்பும் ஒரே பட்டியலைப் பார்க்கும்போது, வாரத்துக்கு ஒரு முறை பேசினால் போதுமானதாகிவிடும். பதிலில் இலவசமாகச் செய்வதை முதலில் எழுதுங்கள், கட்டண வேலையை அதன் பிறகு தொகையோடும் நாளோடும் எழுதுங்கள். உதாரணமாக இப்படி எழுதலாம்:

"சார், கூப்பன் போடும்போது வரி தவறாக வருவது எங்கள் பக்கத்துக் குறை. வாரன்டியில் வியாழக்கிழமைக்குள் சரிசெய்து தருகிறோம். சைஸ் வாரி ரிப்போர்ட் நம் வேலைப் பட்டியலில் இல்லாத புதிய வசதி. அதற்கு 14 மணி நேர வேலை இருக்கிறது. 12,600 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,268 ரூபாயும் ஆகும். நீங்கள் சரி என்று எழுதியதும் தொடங்கி ஆறு வேலை நாளில் தருகிறோம்."

இதில் மன்னிப்புக் கேட்கும் தொனியோ, ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டும் தொனியோ தேவையில்லை. "இது வாரன்டியில் வராது" என்ற சொற்றொடரை மட்டும் தனியாக அனுப்புவதைத் தவிருங்கள். அதற்குப் பிறகு என்ன வழி என்று சொல்லாத மறுப்புதான் கடைக்காரரைச் சீண்டுகிறது. தொகையும் நாளும் கூடவே இருந்தால், அது அவர் முடிவெடுக்க வேண்டிய ஒரு வியாபாரக் கேள்வியாகிவிடும். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராக இருந்தால் வரித் தொகையைச் சேர்க்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில சின்ன வேலைகளை நல்லெண்ணத்துக்காகச் செய்து தர விரும்புவீர்கள், அதில் தவறில்லை. ஆனால் அதையும் ஷீட்டில் புதிய வேலை என்று எழுதி, அதற்கான வழக்கமான தொகையைக் காட்டி, முழுவதும் கழித்துப் பூஜ்யம் என்று முடியுங்கள். சத்தமில்லாமல் செய்து கொடுத்தால் அடுத்த முறை அதுவே வழக்கமாகக் கருதப்படும். எவ்வளவு கழித்தீர்கள் என்பது எழுத்தில் இருந்தால், அடுத்த பேச்சில் கடைக்காரரே அதை நினைவில் வைத்துப் பேசுவார்.

நாள் கணக்கை நீங்கள் இப்போதே எழுதி உறுதிசெய்ய வேண்டும், ஏனென்றால் உங்கள் கொட்டேஷனின் ஒற்றை வரி பலவற்றுக்குப் பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட் 2-ஐ முதல் நாளாகக் கொண்டால் 90-ஆவது நாள் அக்டோபர் 30. அந்த நாளுக்குள் புகார் பதிவாகியிருந்தால், திருத்தம் நவம்பரில் முடிந்தாலும் இலவசமே. புகார் வந்த தேதிதான் கணக்கு. ஒரு குறையைத் திருத்தியதால் மொத்தத் தளத்துக்கும் மறுபடி 90 நாள் தொடங்காது, ஆனால் திருத்திய அதே இடம் மீண்டும் உடைந்தால், வாரன்டி முடிந்திருந்தாலும் அதை நீங்களே சரிசெய்வதுதான் முறை. கட்டணம் வாங்கிச் செய்த ரிப்போர்ட்டுக்குத் தனியாக ஒரு வாரன்டி உண்டு, அது அந்த ரிப்போர்ட்டோடு நிற்கும். கடை ஊழியர் கோப்புகளைத் திருத்திய இடங்களில் வாரன்டி விலகும் என்றும் எழுதுங்கள். அவர் தொட்ட இடத்துக்கு மட்டும் விலகுமே தவிர, தளம் முழுமைக்கும் அல்ல.

கடைசித் தவணையில் ஒரு பகுதியைக் கடைக்காரர் நிறுத்தி வைத்திருந்தால், அது எப்போது வரும் என்பதையும் இதே கடிதத்தில் தேதியோடு முடிவுசெய்யுங்கள். "எல்லாப் பிரச்சினையும் முடிந்ததும்" என்று விட்டால் புதிய புதிய குறைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அது கெட்ட எண்ணத்தால் அல்ல, கையில் பணம் இருக்கும்போது கேட்பது எளிது என்பதால். அக்டோபர் 30 அன்று பதிவாகியிருக்கும் குறைகளை மட்டும் பட்டியலிட்டு, அவற்றை முடித்ததும் பணம் என்று எழுதிக்கொண்டால் போதும்.

அக்டோபர் நடுவில் ஒரு முறை நீங்களே கூப்பிட்டு, "வாரன்டி முடிய இரண்டு வாரம் இருக்கிறது, கண்ணில் பட்டதெல்லாம் சொல்லிவிடுங்கள்" என்று கேளுங்கள். கூடவே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான கொட்டேஷனையும் அனுப்புங்கள். பிளக்இன் புதுப்பித்தல், பேக்கப், மாதத்துக்கு இத்தனை மணி நேரம் சின்ன மாற்றங்கள் என்று அதில் பிரித்துக் காட்டினால், வரி விகிதம் அடுத்த முறை மாறும்போது அந்த வேலை எந்தக் கணக்கில் போகும் என்பது அப்போதே தீர்ந்திருக்கும்.